ஏழில் மூன்று போனால் மூன்றா?

நேற்று பின்னேரம் உயர்தர ஐசிடி பிள்ளைகளோடு பிரெட்போர்டில் 4 பிட் எண்கணித தருக்க அலகு ஒன்றைச் செய்தோம். S1, S0 என்று இரண்டு தெரிவுக் கோடுகள். 00 என்றால் கூட்டல், 01 கழித்தல், 10 அண்ட், 11 ஓர். கூட்டியும் மற்றப் படலைகளும் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். எந்த விடை வெளியே வரவேண்டும் என்பதை மல்டிபிளெக்சர்தான் தெரிவு செய்யும்.

கழிக்கத் தனிச் சுற்று இல்லை. S0 1 ஆனால் எக்ஸ்-ஓர் படலைகள் B இன் பிட்டுகளைப் புரட்டும். பிறகு அதே 74283 ஐசி கூட்டும்.

7உம் 3உம் சரியாக 10 வந்தது. 7இல் 3ஐக் கழித்தால் 3 வந்தது!

"சேர், ஐசி பழுது. கொழும்பிலிருந்து புதுசு எடுப்போம்" என்றான் ஒருவன். அவனுடைய அப்பா தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவர். "பொறு, 5இல் 1ஐக் கழி" என்றேன். அதற்கும் 3. ஒவ்வொரு முறையும் சரியாக ஒன்று குறைகிறது என்றால் பழுது ஐசியில் இல்லை.

தாளில் எழுதினோம்:

```
0111 + 1100     = 1 0011  (3)
0111 + 1100 + 1 = 1 0100  (4)
```

ஐந்தாவது பிட்டை விட்டுவிடுகிறோம். இரண்டின் நிரப்பிக்குப் புரட்டினால் மட்டும் போதாது, ஒன்றும் கூட்டவேண்டும். கூட்டலுக்காக C0 காலை நிலத்தோடு கட்டியிருந்தோம். அந்த வயரைக் கழற்றி S0இல் குத்தியதும் 4 வந்தது.

செய்து பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. ஓர் வேலையிலும் S0 1தான். அதனால் அண்ட், ஓர் படலைகளுக்கு B ஐ எக்ஸ்-ஓருக்கு முன்னாலேயே எடுங்கள். 7 ஓர் 3 கேட்டு நான்கு பல்புகளும் எரிந்தால், பின்னால் எடுத்துவிட்டீர்கள்.