கடலுக்கு மேல் காது இல்லை

தம்பி சிங்கப்பூரில் பெங்களூரு விமானம் ஏறிய இரவு, காவேரிப்பட்டினம் வீட்டில் அம்மா என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வங்காள விரிகுடாவுக்கு மேல் ஊர்ந்த அந்தக் குட்டி விமானம் சட்டென்று மறைந்தது.

"டேய், காணமேடா. விழுந்திருச்சா?"

விளக்க வேண்டியிருந்தது. விமானம் தன் இடத்தை ஜிபிஎஸ் மூலம் தானே தெரிந்துகொண்டு, தன் அடையாள எண்ணோடு, 1090 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஏறத்தாழ 2 முறை உரக்கச் சொல்கிறது. யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. எங்கோ ஒரு மொட்டைமாடி ஆன்டெனா அதைக் கேட்டு இணையத்தில் அனுப்பினால்தான் வரைபடத்தில் தெரியும். செயற்கைக்கோளிலும் கேட்கிறார்கள், ஆனால் இலவசப் பக்கங்களில் அது பெரும்பாலும் வராது.

இந்த அலை நேர்கோட்டில் போகும். 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம்கூட சுமார் 430 கிலோமீட்டருக்கு அப்பால் பூமியின் வளைவுக்குக் கீழே போய்விடும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கு மேல். நடுக்கடலில் கேட்க ஆளில்லை. அங்கே சில தளங்கள் பாதையை ஊகித்து வரையும், சில விமானத்தை எடுத்துவிடும்.

"கடைசி வரியைப் பாரும்மா. 36,000 அடி, இறங்கவே இல்ல. கரைகிட்ட மடமடன்னு உயரம் குறைஞ்சு காணாம போனாத்தான் பயப்படணும்."

அரை மணி நேரத்தில் சென்னைக்குக் கிழக்கே மீண்டும் வந்தது. பிறகு என் மாடி ஆன்டெனாவே அதைக் கேட்டது. பெங்களூருக்காகத் தாழ்ந்ததும் மலைகளுக்குப் பின்னால் மறுபடி மறைந்தது.

"எறங்கிருப்பான்" என்று அம்மா படுக்கப் போனார்.