கோட்டைத் தாண்டும்வரை

பங்குச்சந்தை பேச்சு வந்தாலே அலுவலகத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "நிஃப்டி 200 நாள் சராசரிக்கு மேல வரட்டும், அப்புறம் போடலாம்." கடந்த 200 வர்த்தக நாட்களின் முடிவு விலைகளைச் சராசரியாக்கி வரையும் கோடு அது. சந்தை அதற்குக் கீழே இருந்தால் இறங்குமுகம் என்று கணக்கு.

2020-ஐ எடுத்துக்கொள்வோம். மார்ச் முதல் ஜூன் வரை மாதக் கடைசி வர்த்தக நாளில் நிஃப்டி 8,598, 9,860, 9,580, 10,302. மாதம் 5,000 ரூபாயை இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபியாகப் போட்டவருக்குச் சராசரி விலை சுமார் 9,540. சந்தை கோட்டைத் தாண்டியது ஜூலையில்தான். காத்திருந்தவர் அந்த மாதக் கடைசியில் 20,000 ரூபாயையும் மொத்தமாகப் போட்டால் 11,073-ல் வாங்குகிறார். மற்றவரின் பணம் அன்று ஏறக்குறைய 23,200.

சராசரி என்பதே பழைய விலைகள்தானே, அதனால் கோடு தாமதமாகத்தான் சொல்லும். அதற்காக அது வீணில்லை. 2008-ல் சந்தை மாதக்கணக்கில் கோட்டுக்குக் கீழேயே கிடந்தது. பத்து லட்சம் சேர்த்து வைத்திருந்த ஒருவர் கோடு உடைந்ததுமே வெளியே வந்திருந்தால் பெரிய அடியிலிருந்து தப்பியிருப்பார். சேர்ந்த பணத்துக்கான கருவி அது.

நம்மிடம் இருப்பதோ மாதாமாதம் வருகிற பணம். இந்த மாத 5,000-க்குப் பத்து சதவீதம் மலிவாகக் கிடைத்தாலும் மிச்சம் சுமார் 500 ரூபாய்தான். அதற்காகச் சேமிப்புக் கணக்கில் காத்திருக்கும் பணத்தைக் கரைக்க ஒரு பைக் சர்வீஸ், ஒரு கல்யாண மொய் போதும். அந்த இறக்கம் எந்த சார்ட்டிலும் தெரியாது. என் எஸ்ஐபி தேதி, சம்பளத்துக்கு மறுநாள்.