குடலும் தலையும் போக மிச்சம் எவ்வளவு?

தொழில் தொடங்கப் பணம் கேட்டுப் போகிறவர்கள் முதலில் சொல்வது, "நல்ல ஐடியா, கண்டிப்பா ஓடும்" என்பதுதான். கேட்பவர் அந்தத் தொழிலிலேயே ஊறியவர் என்றால் இந்தப் பேச்சு ஒரு நிமிடம்கூட நிற்காது.

ஓர் உதாரணம் பார்ப்போம். குளச்சல் பையன் ஒருவன், டிகிரி முடித்தவன். காலையில் துறைமுகத்து ஏலத்தில் மீன் எடுத்து, வெட்டிக் கழுவி, அரைக்கிலோ பாக்கெட்டாக்கி, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாகர்கோவிலில் வீடு வீடாகக் கொடுக்க நினைக்கிறான். நாற்பதாயிரம் ரூபாய் வேண்டும். தாய்மாமன் மீன் வியாபாரி, அவரிடம்தான் கேட்கிறான். (விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, ஏல விலை தினமும் மாறும்.)

"மாமா, மீனு எல்லாருக்கும் வேணும். கிலோ இருநூறுக்கு எடுத்து இருநூத்தி எண்பதுக்கு வித்தா எண்பது ரூபா லாபம்."

"தலையையும் குடலையும் யாருக்குலே விப்ப?"

இந்த ஒரு கேள்வியில் கணக்கு கவிழ்ந்துவிட்டது. முழு மீனை வெட்டிச் சுத்தம் செய்தால் தலை, குடல், செதில் எல்லாம் போய்விடும். மீனைப் பொறுத்து எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை, சில மீன்களில் அதற்கும் மேல் குறையும். 35 சதவீதம் குறைகிறது என்று வைத்தால், 20 கிலோ முழு மீனில் கிடைப்பது 13 கிலோதான். 4000 ரூபாயை 13-ஆல் வகுத்தால் கிலோவுக்கு கிட்டத்தட்ட 308 ரூபாய். 280-க்கு விற்றால் ஒவ்வொரு கிலோவிலும் நஷ்டம்.

இரண்டாம் முறை வந்தபோது அவன் பிரச்சினையில் இருந்து தொடங்கினான். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலை ஏழு மணிக்கு மீன் வெட்ட ஆள் இல்லை. அவர்களுக்கு மீன் கிடைக்காமல் இல்லை, வெட்டிக் கழுவ நேரம்தான் இல்லை. அந்த நேரத்துக்குத்தான் காசு. ஆகவே வாடிக்கையாளர் "எல்லாரும்" அல்ல, அந்த வீடுகள் மட்டும்.

பிறகு செலவு. மீன் 4000, வெட்டும் கூலி 400, ஐஸ் 150, பெட்ரோல் 250, பாக்கெட் 50. மொத்தம் 4850. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொது விதி, அதனால் அதில் கஞ்சத்தனம் கூடாது. கிலோ 450-க்கு 13 கிலோவும் விற்றால் 5850. கையில் நிற்பது 1000.

"மூணு கிலோ விக்கலேன்னா?"

10 கிலோதான் விற்றது என்றால் வரவு 4500. அன்றைக்கு 350 ரூபாய் நஷ்டம். முதல் திரும்பவே 11 கிலோ விற்க வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் மிஞ்சினால் தொழில் இல்லை. அதனால் பையன் முறையை மாற்றினான்: முதல் நாள் இரவே ஆர்டர், அந்த அளவுக்கு மட்டும் ஏலத்தில் எடுப்பது. நாளைக்குக் கடல் என்ன தரும் என்று தெரியாது, ஆகவே ஆர்டரில் "சாளை, அயிலை, நெத்திலி, எது வந்தாலும் சரியா?" என்ற கேள்வியும் உண்டு.

மாமா விடவில்லை. "எத்தன வீடு வேணும்?"

13 கிலோ என்றால் தினமும் 26 பாக்கெட். வாரம் ஆறு நாளுக்கு 156. ஒரு வீடு வாரத்துக்கு இரண்டு பாக்கெட் வாங்கினால் 78 வீடு வேண்டும். மீன் வாங்குகிற 78 வீடு அல்ல, வாராவாரம் தவறாமல் வாங்குகிற 78 வீடு. தபசு காலத்திலும் சபரிமலை மாலை போடும் மாதங்களிலும் இதில் எத்தனை நிற்கும் என்பது தனிக் கேள்வி.

அடுத்தது தடைக்காலம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. குளச்சலும் இதில் அடங்கும். வரத்து குறைந்து முழு மீன் 260 ஆனால் செலவு 6050. எல்லாம் விற்றாலும் 200 ரூபாய் நஷ்டம். அந்த இரண்டு மாதம் விலையை ஏற்றணும், இல்லையென்றால் நிறுத்தணும். இதைப் பையனே முந்திக்கொண்டு சொன்னான். மாமா முதல் தடவையாகத் தலையாட்டியது அப்போதுதான்.

கேரளத்தில் மேத்யூ ஜோசப் என்ற மீன் வியாபாரி 2012-ல் 'சீ டு ஹோம்' என்று இணையத்தில் மீன் விற்கத் தொடங்கினார். அவரிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்த ஷான் கடவில் பிறகு கூட்டாளியானார். 2015-ல் அது 'ஃபிரெஷ் டு ஹோம்' ஆனது. பணம் போட்டவர் ஏற்கெனவே மீனைச் சாப்பிட்டுப் பார்த்தவர். அவரிடம் பிரச்சினையை விளக்க வேண்டிய வேலையே இல்லை.

மாமா நாற்பதாயிரம் கொடுக்கவில்லை. ஒரு தெர்மோகோல் பெட்டியும் இரண்டு வார மீனுக்குக் கடனும் கொடுத்தார். பத்து வீடு, ஒரே தெரு. முதல் வாரம் தெரிந்தவர்கள் முகத்துக்காக வாங்குவார்கள், அது கணக்கில் சேராது. இரண்டாம் வாரம் இவன் கேட்காமலே எத்தனை வீடு ஆர்டர் சொல்கிறது என்பதைத்தான் எண்ண வேண்டும். ஏழெட்டு வந்தால் அடுத்த தெரு. இரண்டு மூன்றுதான் என்றால் 78 வீடு நாகர்கோவிலில் கிடைக்காது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், நாற்பதாயிரம் மிச்சம்.