மாடியில் தண்ணீர் கட்டிப் பார்த்தது

ஓட்டு வீடு ஒழுகினால் எந்த ஓடு என்று ஓவேலியில் சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும். காற்றில் விலகிய ஓட்டை நகர்த்தி வைத்தால் அன்றைய வேலை முடிந்தது. ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டவர்களுக்குத்தான் அந்த வசதி போயிற்று. தளத்தில் தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி, எங்கோ சுற்றி, வேறோரிடத்தில் சொட்டும்.

ஆரோட்டுப்பாறைப் பக்கம் இருக்கிற அக்கா வீட்டில், பின்னறை லைட் பெட்டியிலிருந்து சொட்டியது. அதற்கு நேர் மேலே, மாடியின் நடுவில், விரல் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் காட்டினார்கள். அதன்மேல் இரண்டு கோடையில் இரண்டு விதமான வெள்ளைப் பெயின்ட் அடித்தும் ஆயிற்று. ஜூன் வந்ததும் லைட் பெட்டி மறுபடி சொட்டும். அக்கா ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு அந்த அறையில் மெழுகுவத்தி ஏற்றுவாள்.

மாடி 20-க்கு 30 அடி. அதாவது 600 சதுர அடி, ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 560 லிட்டர். மலைக்கு அந்தப் பக்கம் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் பதிவான மழை 91 சென்டிமீட்டர். அந்த மழை இந்த மாடிமேல் விழுந்திருந்தால் ஐம்பதாயிரம் லிட்டர். அந்த அளவுக்கு வேண்டாம்; கூடலூர்ப் பக்கத்து சாதாரண ஆடி மழைக்கே, இந்த மாடியிலிருந்த ஒரே ஒரு இரண்டங்குலக் குழாய் போதவில்லை. பக்கத்து எஸ்டேட்டின் சில்வர் ஓக் இலை இரண்டு வந்து அடைத்தால் மாடி முழுக்கத் தேங்கும்.

இந்த முறை பெயின்ட் வாங்குவதற்கு முன்னால் தண்ணீர் கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மார்ச் மாதம், மிளகும் காப்பியும் காய்ந்து மாடி காலியான பிறகு. மொத்த மாடியையும் நிரப்பினால் எங்கே இறங்குகிறது என்பது தெரியாது, ஒழுகுகிறது என்பதுதான் தெரியும். அது முன்பே தெரிந்த விஷயம். அதனால் மேஸ்திரி சிமென்ட் குறைத்த கலவையில் நான்கு அங்குல உயரத்துக்கு வரப்பு வைத்து, மாடியை மூன்று பாத்தியாகப் பிரித்தார். படிக்கட்டுப் பக்கம் ஒன்று, விரிசல் உள்ள நடுப்பகுதி ஒன்று, மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒன்று. குழாய் வாயைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய துணியால் அடைத்து, சுற்றிலும் களிமண் அப்பினோம். மலையிலிருந்து வரும் ஹோஸில்தான் நிரப்ப வேண்டும். யானை மிதிக்காத நாளாகப் பார்த்துக்கொண்டோம்.

தண்ணீர் மேடான இடத்தில் ஒரு அங்குலம் நின்றால் போதும். பள்ளத்தில் அதுவே இரண்டாகிவிடும். இரண்டு அங்குலத் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ. ஆள் நடமாடும் மாடி 150 கிலோ தாங்கும்படிதான் கணக்குப் போடுவார்கள் என்பதால், ஒழுங்காகக் கட்டிய தளத்துக்கு அது பாரமில்லை. கம்பி துருப்பிடித்து அடிப்பூச்சு கழன்று விழுகிற தளத்தில் மட்டும் இந்தச் சோதனையே வேண்டாம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது கம்பியை.

பாத்திக்குப் பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் கோடு போட்டு வைக்க வேண்டும். இது பலர் விட்டுவிடுகிற வேலை. வெயிலிலும் காற்றிலும் வாளியில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுதான் பாத்தியிலும் குறைய வேண்டும். பாத்தியில் அதைவிட அதிகம் குறைந்தால் தண்ணீர் கீழே போகிறது, அடியில் இன்னும் ஈரம் தெரியாவிட்டாலும்.

ஒவ்வொரு பாத்தியாக நிரப்பி, இரண்டு முழு நாள் விட்டுப் பார்த்தோம். அந்த நேரமெல்லாம் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்தியிருந்தோம். படிக்கட்டுப் பக்கம் ஒன்றுமில்லை. எல்லோரும் கைகாட்டிய நடுவிரிசல் பாத்தியிலும் வாளிக்குச் சமமாகத்தான் குறைந்தது. அந்த விரிசல் மேற்பூச்சோடு நின்றுவிட்ட ஒன்று. மேற்குப் பாத்தியில் மறுநாள் மத்தியானத்துக்குள் கணிசமாக இறங்கிவிட்டது. கீழே குழாய் வெளியேறுகிற மூலையில் ஈரம் படர்ந்தது. சாயங்காலம் பத்தடி தள்ளியிருந்த லைட் பெட்டியில் முதல் சொட்டு விழுந்தது.

"வயர் போற பைப்புதாங்க வாய்க்கா," என்றார் மேஸ்திரி. தளம் போடும்போதே கான்கிரீட்டுக்குள் புதைக்கிற மின்குழாயின் ஒரு இணைப்பு அந்த மூலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குள் புகுந்த தண்ணீர் கான்கிரீட்டைத் தொடாமலே லைட் பெட்டிவரை வந்துவிடுகிறது. லைட் பெட்டியிலோ ஃபேன் கொக்கியிலோ சொட்டுகிற வீடுகளில் நேர் மேலே தேடுவது பெரும்பாலும் வீண்.

சமையலறைக் கூரையிலும் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. அதற்கும் மருந்து அடிக்கச் சொல்லியிருந்தார்கள். கூரையின் அடிப்பக்கத்தில் ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டோம். தாளுக்கும் கூரைக்கும் நடுவே முத்து முத்தாக நீர் கோத்தால் அது தளத்துக்குள்ளிருந்து வருகிற ஈரம். அறையைப் பார்த்த பக்கத்தில் கோத்தால், விறகடுப்பில் சோறு கொதிக்கிற ஆவி குளிர்ந்த தளத்தில் படிவது. அக்கா வீட்டில் அறைப்பக்கம்தான் நனைந்தது. அதற்கு மாடியில் எதை அடித்தாலும் தீராது. கூரையை ஒட்டிக் காற்று வெளியேற ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

இனி எதைப் போடுவது என்ற கேள்வி. கடையில் கேட்டால் எத்தனை வருட உத்தரவாதம் என்பதிலிருந்து தொடங்குவார்கள். இந்த ஊரில் தொடங்க வேண்டிய இடம் வேறு: தளம் எவ்வளவு ஈரமாக இருக்கிறது, ஜூனுக்கு முன்னால் மழையும் மஞ்சும் இல்லாத எத்தனை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கும். ஏப்ரல், மே இரண்டிலும் மத்தியானத்துக்குமேல் கோடை மழை வரும். மழை இல்லாத நாளிலும் சாயங்காலம் மஞ்சு இறங்கித் தளம் வியர்க்கும்.

சமவெளியில் தலைமுறை தலைமுறையாக நம்பிப் போடுவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதிப்பது. மதுரையிலும் திருச்சியிலும் அதற்கு இணையில்லை, சூட்டையும் தடுக்கும். ஆனால் அதன் சூட்சுமம், மழை நின்றதும் வெயில் அதைக் காயவைத்துவிடும் என்பது. ஓவேலியில் ஜூனில் நனைந்த சுண்ணாம்புத் தளம் செப்டம்பர்வரை காயாது. மூன்று நான்கு அங்குலத்துக்கு அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தளத்தின்மேல் ஏறுகிற பாரமும் கொஞ்சமில்லை.

தார் ஷீட்டைச் சூடுகாட்டி ஒட்டுவது மழைக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் அடியில் ஈரம் இருந்தால் முதல் வெயிலில் கொப்புளம் கிளம்பும். காப்பி காயப்போட்டு வாரிக் கிளறுகிற மாடிக்கும் அது ஒத்துவராது. பாலியூரிதேன் என்று சொல்கிற ரப்பர் மாதிரிப் பூச்சு, விரிசல் விரிந்து சுருங்கினாலும் கூடவே இழுபடும். நான் பார்த்தவற்றில் அதுதான் திறமானது. ஆனால் அதற்குத் தளம் உள்வரை உலர்ந்திருக்க வேண்டும். அதே பாலித்தீன் தாளை மாடித்தரையில் ஒட்டி மறுநாள் காலை உரித்தோம். தாளின் அடி நனைந்திருந்தது. அதோடு அந்த யோசனை போயிற்று.

இங்கே அதிகம் பேர் செய்வது இரும்புக்கால் நட்டு மாடிமேல் தகர ஷீட் போடுவது. மழையில்கூட மிளகு காயப்போட இடம் கிடைக்கிறது என்பதால் அக்காவுக்கும் அதில்தான் ஆசை. நல்ல வழிதான். ஆனால் காலை ஊன்றத் தளத்தில் துளையிட்டு போல்ட் இறக்கினால் அந்தத் துளைகளே புது ஒழுகலாகும். தூணுக்கு நேர் மேலே சின்னத் திண்டு கட்டி அதில் நிறுத்த வேண்டும். ஷீட்டும் சுவரைத் தாண்டி இரண்டு மூன்று அடி நீளாவிட்டால் சாரல் தப்பாமல் உள்ளே வரும். பிரிவு 17 நிலத்தில் புதிதாக எதை எழுப்பினாலும் யாராவது வந்து கேட்பார்கள் என்கிற கவலையும் ஓவேலிக்காரர்களுக்கு உண்டு.

மிஞ்சியது, சிமென்ட் பொடியும் பால்போன்ற பாலிமர் திரவமும் கலந்து அடிக்கிற பூச்சு. தளம் ஈரம் உறிஞ்சியிருந்தாலும் மேலே தண்ணீர் நிற்காமல் இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். விரிசல் அசைந்தால் ரப்பர்ப் பூச்சு அளவுக்கு இழுபடாது என்பது குறை. தளத்துக்குள் இறங்கிய விரிசல் இந்த மாடியில் இல்லை என்று சோதனை சொல்லிவிட்டதால் அதையே எடுத்தோம்.

பூச்சு அடிக்கும் வேலை இரண்டு அரை நாள். அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. பழைய வெள்ளைப் பெயின்டைச் சுரண்டி, பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார்கள். மேற்கு மூலையில் பழைய குழாயைக் கொத்தி எடுத்து நான்கு அங்குலக் குழாய் வைத்து, சுற்றிலும் சுருங்காத கலவையால் அடைத்தார்கள். சுவரும் தளமும் சேருகிற இடம் முழுக்க இரண்டங்குலத்துக்குச் சாய்வாகக் கலவை வைத்து, நேர்மூலையை மழுக்கினார்கள். பூச்சு வெடிப்பது அந்த நேர்மூலையில்தான். அங்கே முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையை அழுத்திப் பதித்து, சுவரில் ஒரு அடி உயரம்வரை ஏற்றினார்கள். குழாய் வாய்க்குள்ளும் பிரஷ்ஷை விட்டு அடிக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பூச்சுக்கும் குழாய்க்கும் இடையில் நுழையும்.

இரண்டு பூச்சுக்கும் சேர்த்து சதுர மீட்டருக்கு இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் அது வெறும் பெயின்ட். ஒரு டப்பாவில் எவ்வளவு தூரம் இழுக்கிறார்கள் என்பதைக் கூட நின்று பார்த்தேன். காலையில் மஞ்சு விலகி, தளத்து ஈரப்பளபளப்பு மறைந்ததும் தொடங்கி, மத்தியானத்துக்குள் முடிப்பது என்று கணக்கு. முதல் நாள் பூச்சையும் மறுநாள் பூச்சையும் ஒன்றுக்கொன்று குறுக்காக அடித்தார்கள்.

பூச்சு இறுகியதும், இடித்துப் போட்டிருந்த வரப்பை மறுபடி மேற்கில் கட்டித் தண்ணீர் நிரப்பினோம். இரண்டு நாள் கழித்தும் வாளியும் பாத்தியும் ஒரே அளவாகக் குறைந்திருந்தன. அதன் பிறகுதான் மேலே வாட்டத்தோடு கலவைத் தளம் போட்டது. பத்தடிக்கு இரண்டங்குலம் இறக்கம். முதலிலேயே அதைப் போட்டிருந்தால் ஏதாவது குறை இருந்தாலும் தெரிந்திருக்காது.

ஒன்று பாக்கி இருக்கிறது. கட்டிய தண்ணீர் சுவரின் அடியை மட்டும்தான் சோதிக்கும். மேற்குக் கைப்பிடிச் சுவரில் ஹோஸைப் பிடித்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடியாக நனைத்துப் பார்த்ததில், உச்சி நனைந்தபோது உட்பூச்சு கறுத்தது. சுவர் உச்சிக்கு வெளிப்பக்கம் சாய்வும் இல்லை, தண்ணீர் சொட்டி விழ விளிம்பும் இல்லை. இந்த வருடத்துக்கு அதன்மேல் அதே பூச்சை அடித்திருக்கிறோம். அடுத்த மிளகு விற்ற பணத்தில் உச்சியை உடைத்து வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டுவதா, அக்கா கேட்கிற தகர ஷீட்டை மேற்குப் பக்கம் மட்டும் நீட்டிப் போடுவதா என்று மேஸ்திரியும் அக்காவும் இன்னும் பேசி முடிக்கவில்லை.