சித்திரச் சந்தையில் ஒரு நிழல்

பெங்களூர் குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்திரகலா பரிஷத் ஜனவரிதோறும் நடத்தும் சித்திரச் சந்தையில், கப்பன் பூங்கா மரங்களை நீர்வர்ணத்தில் தீட்டி வைத்திருந்த ஓர் இளைஞர் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். கிளைகளுக்கிடையே வெறும் காகிதத்தையே வெயிலாக விட்டிருந்த அவருடைய விவேகத்தை முதலில் குறிப்பிட்டுவிட்டு, மரநிழல்கள் மட்டும் தரையில் தோண்டிய பள்ளங்களைப் போல் தோன்றுவதற்குக் காரணம் கறுப்பு வர்ணத்தை அப்படியே பூசியதுதான் என்றும், அல்ட்ராமரின் நீலத்துடன் பர்ன்ட் சியன்னாவைக் கலந்து, அடிப்பூச்சு நன்கு உலர்ந்தபின் ஒரே வீச்சில் மெல்லியதாக இட்டால், மண்ணின் நிறம் ஊடே தெரிந்து நிழல் இயல்பாகத் தரையில் படியும் என்றும் சொன்னேன்.

விமரிசிப்பவர்கள் ஒரு குறையை மட்டும் எடுத்து, அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். 'நன்றாக இல்லை' என்ற வெறும் தீர்ப்பினால் ஆரம்ப சாதகனுக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை.