இத்தாலி வங்கிக் கூற்றை வாசிப்பது எப்படி?



இத்தாலியில் வேலை செய்யும் பிள்ளைகளின் வங்கிக் கூற்றுகளை எடுத்துக்கொண்டு பல உம்மாமார் வீட்டுக்கு வருகிறார்கள். வீட்டுக் கடனுக்கோ, காணி வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டவோ இங்குள்ள வங்கி அதைக் கேட்கிறது. பாஷை தெரியாவிட்டாலும் நான்கு விஷயம் தெரிந்தால் அந்தத் தாளை வாசித்துவிடலாம்.

முதலில் புள்ளியும் கொமாவும். அவர்கள் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி போடுவார்கள், சதத்தைப் பிரிக்கக் கொமா போடுவார்கள். 1.318,00 என்றால் ஆயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு யூரோ. நம்ம முறையில் அது 1,318.00. புள்ளியை மட்டும் பார்த்து ஒன்றரை யூரோவுக்கும் குறைவான சம்பளம் என்று எழுதிய படிவமும் உண்டு, கொமாவைக் கவனிக்காமல் ஒரு லட்சத்துக்கு மேல் எழுதியதும் உண்டு. கடைசியாக வரும் குறிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இருந்தால் அது சதம். ஆனால் இந்தக் கணக்கைக் குவைத், பஹ்ரைன், ஓமான் கூற்றுகளுக்குப் போடாதீர்கள். அங்கே ஒரு தினாருக்கோ ரியாலுக்கோ ஆயிரம் சில்லறை. அதனால் 350.750 என்பது முந்நூற்றைம்பது தினாரும் 750 பில்ஸும்தான், மூன்று லட்சம் அல்ல.

இரண்டாவது திகதி. இத்தாலிக்காரர் நாள், மாதம், வருடம் என்று எழுதுவார்கள். நம்ம அலுவலகங்களில் வருடத்தை முதலில் எழுதும் பழக்கம் இருப்பதால், 05/03/24 என்பதை 2005 மார்ச் 24 என்று வாசித்துவிட இடமுண்டு. அது 2024 மார்ச் 5. சந்தேகம் வந்தால் அந்த நிரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். வரிக்கு வரி மாறி, 12ஐத் தாண்டும் எண்தான் நாள். வருடம் பெரும்பாலும் எல்லா வரியிலும் மாறாமல் நிற்கும். நீங்கள் எழுதும் தாளில் மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

மூன்றாவது நிரல்களின் பெயர். Dare என்பது கணக்கிலிருந்து போனது, Avere என்பது கணக்குக்கு வந்தது. சில வங்கிகள் Addebiti, Accrediti என்றும் போடும், அர்த்தம் அதேதான். அதிகம் பேரைக் குழப்புவது Valuta. நாணயத்துக்கும் அவர்கள் இதே சொல்லைச் சொல்வார்கள் என்றாலும், இந்த நிரலில் இருப்பது இன்னொரு திகதி. வட்டி கணக்கிடுவதற்காக எடுக்கும் நாள் அது. கணக்கில் பதிந்த நாள் Data அல்லது Data contabile என்ற நிரலில் இருக்கும். ஒரே வரியில் இரண்டு திகதி வித்தியாசமாக இருந்தால் கூற்று பிழை என்று நினைக்க வேண்டாம். கார்ட் கொடுத்துச் சாமான் வாங்கினால் அப்படித்தான் வரும். சம்பளம் வந்த நாளை எழுதும்போது பதிந்த நாளையே எடுங்கள்.

நான்காவது, சரியாக வாசித்தோமா என்று பார்ப்பது. ஒரு உதாரணம் எடுப்போம். மேலே Saldo iniziale, அதாவது ஆரம்ப மீதி, 1.205,40. Avere நிரலில் சம்பளம் 1.318,00. Dare நிரலில் வாடகை 450,00, கார்ட் செலவு 60,00, ஊருக்கு அனுப்பியது 300,00. போனது மொத்தம் 810. ஆரம்ப மீதியோடு வந்ததைக் கூட்டினால் 2,523.40. அதில் 810ஐக் கழித்தால் 1,713.40. கீழே Saldo finale, அதாவது இறுதி மீதி, 1.713,40 என்று இருந்தால் எல்லாம் சரி. Dare, Avere இரண்டையும் மாற்றி வாசித்திருந்தால் விடை 697.40 என்று வரும். அப்போதே பிழை பிடிபட்டுவிடும்.

கணினியில் கூட்டுபவர்கள் இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது: முதலில் புள்ளிகளை எல்லாம் அழியுங்கள், அதன் பிறகு கொமாவைப் புள்ளியாக்குங்கள். முதலில் கொமாவைப் புள்ளியாக்கினால் 1.318.00 என்று வரும். அதன் பிறகு எது ஆயிரப் புள்ளி, எது சதப் புள்ளி என்று பிரிக்க முடியாது.

மூலக் கூற்றின் மேல் பேனையால் எதுவும் திருத்தாதீர்கள். திருத்திய தாளை வங்கி ஏற்காமல் விடலாம். தனித் தாளில் திகதி, விபரம், வந்தது, போனது, மீதி என்று ஐந்து நிரல் போட்டு யூரோவிலேயே எழுதுங்கள். ரூபாய்க்கு மாற்றுவதை வங்கியே அதனுடைய விகிதத்தில் செய்யட்டும். இந்தத் தாள் நமக்கு விளங்கிக்கொள்ளத்தான், மொழிபெயர்ப்புக்குப் பதிலாக ஆகாது. வங்கி மொழிபெயர்ப்புக் கேட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் போக வேண்டும். அவர் தந்ததையும் இந்தத் தாளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, புள்ளியும் கொமாவும் சரியாக மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையில் எடுங்கள்.