பணிக்கொடை என்பது கொடை அல்ல: ஒரு நினைவூட்டல் கடிதத்தைத் திருத்திய கதை



உங்களில் பலருக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. பலர் துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் தனியார் கம்பெனிகளில் வேலை பார்க்கிறீர்கள். வீட்டில் ஓய்வு பெற்ற அப்பாவோ மாமாவோ இருப்பார்கள். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மைத்துனர் துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டராகச் சேர்ந்து, ஃபோர்மேனாக 31.05.2023 அன்று ஓய்வு பெற்றார். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். மூன்று மாதமாகியும் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கைக்கு வரவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்சில் சத்திரம் போய், அங்கிருந்து துவாக்குடிக்கு இன்னொரு பஸ் பிடித்து, பல தடவை நடந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் "அடுத்த வாரம் பார்க்கலாம்ணே" என்ற பதில்தான். இதற்குள் அக்காவின் வளையல் அடகுக்கடைக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதத்தோடு வந்தார். "வாத்தியாரே, இதைக் கொஞ்சம் திருத்திக் கொடுங்க" என்றார். மூன்று பக்கம். இத்தனை வருட உழைப்பு, ஒரு மேனேஜர் பேசிய பேச்சு, அடகு வைத்த வளையல், பி.எஃப்., பென்ஷன் எல்லாம் அதில் இருந்தன. ஓய்வு பெற்ற தேதி இல்லை. வரவேண்டிய தொகை "சுமார் இரண்டரை லட்சம்". முடிவில், "கருணை கூர்ந்து வழங்க வேண்டுகிறேன்".

முதலில் அந்தக் "கருணை"யை அடித்தேன். தமிழில் பணிக்கொடை என்று பெயர் வைத்ததால் அது ஏதோ முதலாளி மனமுவந்து தரும் கொடை என்று நினைத்துக்கொள்கிறோம். அது 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி தரவேண்டிய பாக்கி. கொடுக்க வேண்டிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் தனிவட்டியும் சேர வேண்டும். அந்த விகிதம் ஆண்டுக்கு 10 சதவீதம். தொழிலாளி விண்ணப்பம் தராவிட்டாலும் கணக்குப் போட்டுக் கொடுப்பது முதலாளியின் கடமை. பாக்கியைக் கேட்கும்போது மரியாதை வேண்டும், கெஞ்சல் வேண்டாம்.

அடுத்தது தொகை. கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200 ரூபாய். அவர் அதை 30-ஆல் வகுத்திருந்தார். மாதச் சம்பளக்காரர்களுக்குச் சட்டம் சொல்லும் வகுத்தி 26. ஆக ஒரு நாளுக்கு 700 ரூபாய். ஓர் ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் 10,500. பணிக்காலத்தையும் 27 ஆண்டு என்றே போட்டிருந்தார். வேலையில் சேர்ந்தது 03.08.1995, 27 ஆண்டுக்கு மேல் ஒன்பது மாதத்துக்கும் அதிகம். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு ஆண்டாகக் கணக்காகும். ஆக 28 ஆண்டு, 2,94,000 ரூபாய். அவர் கணக்குப்படி 2,45,700தான். நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சத்தை அவரே கடிதத்தில் விட்டுக்கொடுக்க இருந்தார்.

மூன்றாவது தேதிகள். "எப்போதெல்லாம் போனீர்கள்?" என்றேன். அவருக்கு நினைவில்லை. அக்கா பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரைக் கொண்டுவரச் சொன்னோம். 12.06.2023 அன்று ஐ படிவத்தில் எழுதிய விண்ணப்பத்தை நேரில் கொடுத்திருக்கிறார். நகலில் கையெழுத்து வாங்கவில்லை. 10.07.2023, 07.08.2023 இரண்டு நாளும் "கம்பெனி" என்று அக்கா கையெழுத்தில் இருந்தது.

தேதிக்கு இத்தனை முக்கியம் ஏன் என்றால், இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி தராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனுச் செய்யலாம். அதற்கு 90 நாள் கெடு. ஜூன் 30-இலிருந்து எண்ணினால் செப்டம்பர் 28. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க வழியுண்டு. ஆனால் "அடுத்த வாரம்ணே என்றார்கள்" என்பதற்குக் கையில் சான்று கிடையாது. வாய்ப்பேச்சு தின்பது இந்த நாள்களைத்தான். ஆகவே கெடு முடியும் முன் இரண்டு வாரம் கையில் மிஞ்சும்படி, செப்டம்பர் 15-க்குள் பதில் கேட்டோம்.

பி.எஃப்., பென்ஷன் பகுதியைத் தனியே எடுத்துவிட்டேன். பென்ஷனைத் தருவது கம்பெனி அல்ல, வருங்கால வைப்பு நிதி அலுவலகம். கம்பெனி செய்ய வேண்டியது வேலையை விட்ட தேதியைப் பதிவது போன்ற வேலைகள்தான். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால் "பி.எஃப். ஆபீசில் கேளுங்கள்" என்று ஒரே வரியில் முழுக் கடிதத்துக்கும் பதில் வந்துவிடும்.

முடிவில் கடிதம் இப்படி ஆனது:

நாள்: 01.09.2023
பெறுநர்: மனிதவள மேலாளர்
பொருள்: பணிக்கொடை பெறுவது தொடர்பாக, நினைவூட்டல்
பார்வை: 12.06.2023 அன்று நேரில் அளித்த விண்ணப்பம் (நகல் இணைப்பு)

ஐயா,
வணக்கம். 03.08.1995 முதல் 31.05.2023 வரை தங்கள் நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். எனக்குரிய பணிக்கொடை 18,200 × 15/26 × 28 = ரூ. 2,94,000. இதற்கான முப்பது நாள் கெடு 30.06.2023 அன்று முடிந்தது. 10.07.2023, 07.08.2023 ஆகிய நாள்களில் நேரில் வந்து விசாரித்தேன். என் தரப்பில் ஏதேனும் ஆவணம் தேவையெனில் எழுத்தில் தெரிவித்தால் உடனே தருகிறேன். இத்தொகையைச் சட்டப்படியான வட்டியுடன் 15.09.2023-க்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு, அல்லது செலுத்தும் தேதியை எழுத்தில் தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இந்நிறுவனத்தின் மீது எனக்குள்ள மரியாதை என்றும் மாறாது.
இப்படிக்கு

படித்துவிட்டு அவர் முகம் வாடியது. "நான் பட்ட கஷ்டம் ஒண்ணுமே இதுல இல்லையே?" என்றார். நியாயமான கேள்விதான். நான் சொன்னேன்: "கஷ்டத்தைப் படிக்கிறவர் 'பாவம்' என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மூடிவைக்கலாம். தேதியையும் தொகையையும் படிக்கிறவர் ஒன்று சரி என்று சொல்லணும், இல்லை தவறு என்று காட்டணும்." ஆவணம் வேண்டுமா என்று கேட்ட வரிக்கும் காரணம் உண்டு. தாமதம் தொழிலாளியால்தான் நேர்ந்தது, அதற்குக் கட்டுப்பாட்டு அலுவலரின் எழுத்து அனுமதியும் பெற்றோம் என்றால் முதலாளி வட்டி தர வேண்டியதில்லை. அந்தச் சாக்குக்கு அந்த வரி இடம் வைக்காது. தொழிலாளர் துறைக்குப் போவேன் என்று எழுதச் சொன்னார், வேண்டாம் என்றேன். கெடுவைத் தேதியோடு எழுதியவருக்குச் சட்டம் தெரியும் என்பது படிக்கிறவருக்கே புரியும்.

ஸ்ரீரங்கம் தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். கையெழுத்தோடு அட்டை திரும்பி வந்தது. செப்டம்பர் 22 அன்று 2,94,000 ரூபாய் வங்கியில் ஏறியது. வட்டி வரவில்லை. மே 31-இலிருந்து 114 நாளுக்கு 9,182 ரூபாய். முதலில் தொகைக்கு நன்றி சொல்லி, பிறகு அந்தக் கணக்கை எழுதி, நாலு வரியில் இன்னொரு கடிதம் போட்டோம். அக்டோபரில் அதுவும் வந்தது. வளையல் மீண்டது.

எல்லாருக்கும் கடிதத்தோடு முடியாது. தொகையிலேயே தகராறு என்றாலோ, கம்பெனி மூடிக் கிடந்தாலோ மனுதான் வழி. அப்போதும் தேதி போட்ட இந்தக் கடிதமும் ஒப்புகை அட்டையும்தான் முதல் சான்று. 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். அனுப்பும்போது சேர்ப்பித்ததற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. முப்பது நாள் கெடு அதிலும் உண்டு. ஊதியம் என்பதற்கான வரையறை மாறியிருப்பதால், அதன் பிறகு ஓய்வு பெறுகிறவர்கள் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

வீட்டில் யாராவது இப்படிக் காத்திருந்தால், கடிதம் எழுதும் முன் அந்த மாதக் காலண்டரைத் தேடி எடுங்கள். எழுதியதை அனுப்பினால் படித்துப் பார்க்கிறேன். சிவப்புப் பேனா இன்னும் பையில்தான் இருக்கிறது.